கூட்டாகப் பசளை வாங்கினால் ஆளுக்கு எவ்வளவு மிச்சம்?

போன பெரும்போகம் வெட்டி முடிந்ததும் எங்கள் கமக்காரர் குழுவின் கூட்டத்தில் கணக்கு வாசித்தவன் நான். படுவான்கரையில் 20 பேர், மொத்தம் 60 ஏக்கர். முதல் தடவையாக எல்லாருடைய பசளையையும் ஒன்றாகச் சேர்த்து, மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மொத்த வியாபாரியிடம் எடுத்திருந்தோம். ஊர்க்கடை விலைக்கும் எங்கள் விலைக்கும் இடையில் 279,000 ரூபா வித்தியாசம், 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 13,950 ரூபா மிச்சம் என்று வாசித்தேன். கைதட்டினார்கள். பின்னால் இருந்த, ஒன்றரை ஏக்கர் வெள்ளாமை செய்யும் அண்ணன் ஒருவர் மட்டும் எழும்பி, "தம்பி, 13,000 மிச்சம் எண்டா அது என்ட கையில எங்க கிடக்கு?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. வீட்டில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு பில்லுகளையும் கொப்பியையும் விரித்து வைத்து மறுபடி தொடங்கினேன். மூன்று நாள் பிடித்தது. வாசித்த கணக்கில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதில்தான் பிழை இருந்தது. வருகிற போகத்துக்குத் தனித்தனியாக வாங்குவதா, சேர்ந்து வாங்குவதா என்று யோசிக்கும் குழுக்களுக்கு அந்தக் கணக்கை முழுதாக எழுதுகிறேன். விலைகள் எங்கள் கொப்பியில் உள்ளவை, நூறு ரூபாவுக்கு முழுமையாக்கியவை. உங்கள் போகத்தில் விலை வேறாக இருக்கும். கழிக்க வேண்டியவை இவையேதான்.

எங்கள் வட்டையில் ஒருவர் பசளை எடுக்க மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஊர்க்கடை முதலாளியிடம் கடனுக்கு எடுத்து, வெட்டியதும் கொடுப்பது. இரண்டு, அதே கடையில் காசு கொடுத்து எடுப்பது. மூன்று, குழுவோடு சேர்ந்து எடுப்பது. எங்களில் 20 பேரில் 13 பேர் முன்பு முதல் வழியில் இருந்தவர்கள். அதனால் நான் குழுவின் விலையைக் கடைக்காரரின் கடன் விலையோடு ஒப்பிட்டுவிட்டேன். குழு வியாபாரிக்குக் கொடுத்தது கைக்காசு. கடைக்காரர் கேட்பது நான்கு மாதம் கழித்து வரும் காசு. இரண்டும் ஒரே பொருளின் விலை இல்லை. கடன் விலைக்குள் பசளையும் இருக்கிறது, நான்கு மாதக் கடனும் இருக்கிறது.

மூன்று வழிக்கும் ஒரே கூடையை வைத்துக்கொண்டால்தான் ஒப்பிடலாம். நாங்கள் ஏக்கருக்கு யூரியா 2 மூடை, டி.எஸ்.பி அரை மூடை, எம்.ஓ.பி அரை மூடை என்று வைத்தோம். ஒரு மூடை 50 கிலோ. ஏக்கருக்கு மொத்தம் 3 மூடை, 60 ஏக்கருக்கு 180 மூடை, அதாவது 9 தொன். ஒரு பெரிய லொறிக்குச் சரியாக வரும் சுமை. சிலர் இதைவிடக் கூட யூரியா போடுகிறவர்கள், சிலர் குறைவு. அவர்கள் எவ்வளவு போட்டாலும், ஒப்பிடும்போது மூன்று வழிக்கும் அதே அளவையே வைக்க வேண்டும். குழுவில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் ஒரு மூடை கூட எடுத்தால், அந்த மூடையில் குறைந்த விலையை மிச்சம் என்று எழுதக்கூடாது. அது அவர் முன்பு செய்யாத செலவு.

| வழி | யூரியா, மூடை | டி.எஸ்.பி, மூடை | எம்.ஓ.பி, மூடை | ஏக்கருக்கு |
|---|---|---|---|---|
| ஊர்க்கடை, கடன் | 10,200 | 13,400 | 10,800 | 32,500 |
| ஊர்க்கடை, காசு | 9,200 | 12,200 | 9,800 | 29,400 |
| குழு, மொத்த வியாபாரி பில் | 8,700 | 11,600 | 9,300 | 27,850 |

நான் கூட்டத்தில் வாசித்தது முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையில் உள்ள 4,650 ரூபாவை 60 ஆல் பெருக்கிய தொகை. கைக்காசுக்குக் கைக்காசு என்று பார்த்தால் இரண்டாம் வரியில் இருந்துதான் கழிக்க வேண்டும். அப்போது ஏக்கருக்கு 1,550. மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே இடத்தில் போய்விட்டது. இதுவும் முடிவான கணக்கு இல்லை, ஏனென்றால் ஊர்க்கடை விலை ஊருக்குள் வந்து சேர்ந்த மூடையின் விலை. எங்கள் பில் நகரத்து வாசலில் நிற்கும் மூடையின் விலை.

2014 இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன் அந்த வாசலில் இருந்து படுவான்கரைக்குச் சாமான் கொண்டுவருவது என்றால் வாவியில் ஓடும் பாதைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றி வர வேண்டும். அந்தக் காலத்தில் ஊர்க்கடைக்காரர் வைக்கிற விலையில் ஒரு பகுதி அந்தச் சிரமத்துக்கானது. இப்போது லொறி நேரே வருகிறது. என்றாலும் சும்மா வருவதில்லை. லொறி வாடகை 24,000. 180 மூடையை ஏற்றி இறக்க நாட்டாமைக் கூலி மூடைக்கு 50 வீதம் 9,000. விலை கேட்டு மூன்று வியாபாரிகளிடம் போய்வந்த மோட்டார் சைக்கிள் பெற்றோலும் தொலைபேசியும் 3,300. கடைசியாக ஒரு யூரியா மூடை, 8,700.

அந்த ஒரு மூடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லொறி வந்தது பின்னேரம். நேரம் போய்விட்டதால் குழுவின் களஞ்சிய அறையில் மூடைகளைச் சீமெந்துத் தரையிலேயே அடுக்கினோம். இரண்டு கிழமை மழை. யூரியா காற்றில் உள்ள ஈரத்தையே இழுக்கும், தரையின் ஈரத்தை விடவே விடாது. அடி வரிசையைப் புரட்டியபோது சில மூடைகளின் கீழ்ப்பக்கம் கல்லாக இருந்தது. ஒன்று தையல் பிரிந்து, கரைந்து, தரையில் வெள்ளைப் படலமாகக் காய்ந்து கிடந்தது. கட்டியானதை உடைத்துப் போடலாம், வீசும்போது சீராக விழாது என்பதுதான் குறை. கரைந்தது போனதுதான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மூடை நட்டம் என்று எழுதினோம். கடையில் வாங்கியிருந்தால் இந்த நட்டம் முதலாளியுடையது. குழு வாங்கினால் குழுவுடையது. ஆகவே சேதாரத்தை "எதிர்பாராதது" என்று ஒதுக்காமல், ஒவ்வொரு போகமும் செலவில் போட வேண்டும். மரச்சட்டம் அடித்து அதன் மேல் அடுக்கினால் குறையும், முற்றாக இல்லாமல் போகாது.

இந்த நான்கும் சேர்ந்து 45,000 ரூபா. மூடைக்கு 250, ஏக்கருக்கு 750. குழுவின் பசளை ஊருக்குள் வந்து சேர்ந்த விலை ஏக்கருக்கு 28,600. ஊர்க்கடைக் காசு விலையில் இருந்து கழித்தால் 800. ஆளுக்குச் சராசரி 2,400. நான் வாசித்த 13,950 எங்கே, இது எங்கே.

இதற்குப் பிறகும் ஒரு செலவு மறைந்திருக்கிறது. அது எந்தப் பில்லிலும் வராது. கடையில் காசுக்கு வாங்குபவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. விதைப்புக்கு அடிப்பசளை, இரண்டாம் கிழமையில் கொஞ்சம் யூரியா, ஒரு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம், குடலைப் பருவத்துக்கு முன் கடைசிப் பங்கு. காசும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். குழுவில் எல்லாக் காசும் லொறி வருவதற்கு முன்பே போய்விடுகிறது. அதற்கும் மேலாக எங்களில் இரண்டு பேர் காசு தரப் பிந்தியதால், முதலில் தந்தவர்களின் காசு இரண்டு கிழமை பெட்டிக்குள் கிடந்தது. ஆள் ஆளாக நாள் பார்த்துக் கணக்கிட்டேன். கடையில் காசு கொடுத்திருக்க வேண்டிய நாளைவிடச் சராசரியாக ஒரு மாதம் முந்தியே கொடுத்திருந்தோம்.

அந்த ஒரு மாதத்தின் விலை ஆளுக்கு ஆள் வேறு. சேமிப்புக் கணக்கில் இருந்த காசை எடுத்துத் தந்தவருக்கு மாதம் அரை வீத வட்டி போனது என்று வைத்தேன். ஏக்கருக்கு சுமார் 140 ரூபா. அவருக்கு 800 இல் 660 நின்றது. மனைவியின் சங்கிலியை மாதம் ஒன்றரை வீதத்துக்கு அடகு வைத்துத் தந்தவருக்கு ஏக்கருக்கு 430 போனது. அவருக்கு நின்றது சுமார் 370. ஒரே லொறி, ஒரே பில், ஒரே மூடை. ஆனாலும் ஒருவருடைய மிச்சம் மற்றவருடையதில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட. குழுவுக்கு ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு இருப்பது எவ்வளவு தவறு என்று அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

இனி, முன்பு கடைக் கடனில் இருந்த 13 பேருக்கு வருவோம். அவர்கள் விடயத்தில் இரண்டு மாற்றம் ஒன்றாக நடந்திருக்கிறது. கடையை விட்டுக் குழுவுக்கு வந்தார்கள். கடைக் கடனை விட்டு அடகுக் கடனுக்கு வந்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: சங்கிலியை அடகு வைத்து, அதே ஊர்க்கடையில் காசுக்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 29,400 ரூபாவுக்கு நான்கு மாத வட்டி 1,764. மொத்தம் 31,164. கடைக் கடன் 32,500 ஐவிட 1,336 குறைவு. இதற்குக் குழுவே தேவையில்லை. குழுவோடு எடுத்ததால் 28,600 ரூபாவுக்கு ஒரு மாதம் கூட, அதாவது ஐந்து மாத வட்டி 2,145 சேர்ந்து 30,745. கடைக் கடனைவிட 1,755 குறைவு. அந்த 1,755 இல் 1,336 கடனை மாற்றியதால் வந்தது. சேர்ந்து வாங்கியதால் வந்தது 419 மட்டும்.

கேள்வி கேட்ட அண்ணன் இந்த 13 பேரில் ஒருவர். ஒன்றரை ஏக்கருக்கு அவருடைய மொத்த மிச்சம் சுமார் 2,630. அதில் 2,000 அவர் சங்கிலி வைத்ததால், 630 குழுவால். லொறி வரும் நாளில் காலையில் வரும் என்று சொல்லியிருந்தோம். அவர் கூலி வேலைக்குப் போகாமல் வந்து நின்றார். வந்தது பின்னேரம். அவருடைய அன்றைய கூலி 2,500. கழித்தால் மிச்சம் 130 ரூபா. "எங்க கிடக்கு" என்று அவர் கேட்டதற்கு இதுதான் பதில். கூட்டம் முடிந்து நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போய்க் கொப்பியைக் காட்டினேன். வாசலில் குந்தியிருந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் எண்ணினது சரிதான்" என்றார்.

கடைக் கடனைப் பற்றி ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்து வெள்ளாமை அடித்துக்கொண்டு போனால், ஊர் முதலாளி அடுத்த போகம் வரைக்கும் பொறுப்பார். அடகுக் கடை பொறுக்காது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், தவணை தப்பினால் சங்கிலியே போகும். ஏக்கருக்கு 1,336 கூடக் கொடுப்பதில் ஒரு பங்கு அந்தப் பொறுமைக்கானது. கார்த்திகை, மார்கழியில் தண்ணி நிற்கும் பள்ளக் காணிக்காரருக்கு அது வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். மறுபக்கம், கடன் தந்த முதலாளிக்கே நெல்லைக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு இருந்தால், அங்கே போகிற காசு பசளைக் கணக்கில் தெரியவே தெரியாது. ஏக்கருக்கு 1,800 கிலோ விளைந்து, சந்தையைவிடக் கிலோவுக்கு 2 ரூபா குறைத்து எடுத்தாலும் 3,600 ரூபா. பசளையில் நாங்கள் தேடும் மிச்சம் எல்லாவற்றையும்விட அது பெரியது. அப்படிப் பேச்சு உள்ள உறுப்பினருக்குக் கடன் வழியின் செலவில் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஆளுக்குச் சராசரி 2,400 என்றேனே, அதையும் அப்படியே விடக்கூடாது. எங்கள் 60 ஏக்கர் பிரிந்திருப்பது இப்படி: ஒன்றரை ஏக்கர்க்காரர் 12 பேர், 3 ஏக்கர்க்காரர் 6 பேர், 12 ஏக்கர்க்காரர் 2 பேர். வட்டிக்கு முந்திய மிச்சம் ஏக்கருக்கு 800 என்றால் ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு 1,200, பெரியவருக்கு 9,600. 20 பேரில் 12 பேருக்குச் சராசரியில் பாதிதான் கிடைக்கிறது. மொத்த மிச்சத்தில் நூற்றுக்கு 40 இரண்டு பேரிடம் போகிறது. அதனால் கூட்டத்தில் சொல்ல வேண்டியது ஏக்கருக்கு எவ்வளவு என்பதும், 20 பேரையும் சிறிதில் இருந்து பெரிது வரை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்பதும். எங்கள் வரிசையில் நடுவில் நிற்பவர் ஒன்றரை ஏக்கர்க்காரர்.

பெரியவர்களுக்குத்தானே இலாபம், அவர்கள் போகட்டும், நாங்கள் 18 பேர் சேர்ந்து வாங்குவோம் என்று ஓர் இளைஞர் சொன்னார். அதையும் போட்டுப் பார்த்தேன். 36 ஏக்கருக்கு 108 மூடை. அந்த அளவுக்கு வியாபாரி மூடைக்கு 100 ரூபா கூடக் கேட்டார். சிறிய லொறிதான், ஆனால் வாடகை பாதியாகவில்லை, 18,000. கூலி, சேதாரம், அலைச்சல் எல்லாம் சேர்த்து ஏக்கருக்குச் செலவு 880 ஆகிறது. வந்து சேர்ந்த விலை 29,030. மிச்சம் 370. அடகு வட்டி 435 ஐக் கழித்தால் ஏக்கருக்கு 65 ரூபா நட்டம். சிறிய ஆட்களுக்குப் பெரிய இரண்டு பேரின் 72 மூடை தேவை. பெரியவர்களும் தனியாக லொறி பிடித்தால் இந்த விலையை எட்ட மாட்டார்கள். ஆகவே செலவை ஆளுக்குச் சமமாகப் பிரிக்காமல் மூடைக்கு 250 என்று பிரிப்பதே இரண்டு பக்கத்துக்கும் நியாயம். முதலில் ஆளுக்குச் சமமாக 2,250 வீதம் போடச் சிலர் சொன்னார்கள். அப்படிப் போட்டிருந்தால் நாலரை மூடை எடுத்தவர் மூடைக்கு 500 கட்டியிருப்பார். கடை விலையைவிட அவருக்குக் கிடைத்த இலாபம் ஏறக்குறைய முழுதும் போயிருக்கும்.

விதைநெல்லுக்கு வேறு அளவுகோல் வேண்டும். பசளையில் ஒரு மூடை யூரியா எங்கே வாங்கினாலும் 46 வீத நைதரசன்தான். நிறையை மட்டும் பார்த்தால் போதும். விதைநெல்லில் புசல் விலை எதையும் சொல்லாது. முளைக்கிற விதைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதுதான் விலை. ஊர்க்கடையில் சான்றுபடுத்திய விதை புசல் 4,000. குழுவுக்காக நேரடியாகப் பேசிய இடத்தில் 3,700. ஏக்கருக்கு 2 புசல், 600 மிச்சம் என்று எல்லாருக்கும் சந்தோசம். ஓர் அம்மா மட்டும், காசு கட்ட முன் முளை பார்க்க வேண்டும் என்று நின்றுகொண்டார்.

பார்த்தது இப்படித்தான். இரண்டு இடத்து மாதிரியில் இருந்தும், மூடையின் மேல், நடு, அடி என்று கை விட்டு எடுத்துக் கலந்து, பொறுக்காமல் நூறு நூறாக நான்கு பங்கு எண்ணினார். பொறுக்கி எண்ணினால் நல்ல மணிதான் கைக்கு வரும், அதனால் வந்தபடி எண்ண வேண்டும். நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டில் பத்துப் பத்தாக வரிசை வைத்து, பாய் போலச் சுருட்டி, வாழை நாரால் கட்டி, குசினிச் சுவரோரம் நிழலில் வைத்தார். காலையும் மாலையும் தண்ணி தெளித்தார். ஏழாம் நாள் விரித்தபோது கடை விதையில் நூற்றுக்குச் சராசரி 92 முளைத்திருந்தது, வேரும் முளையும் சரியாக. மலிவு விதையில் 80. சில மணியில் வேர் மட்டும் வந்து நின்றுவிட்டது. அதை முளைத்ததாக அவர் எண்ணவில்லை, அதுவே சரி. 4,000 ஐ 0.92 ஆல் பிரித்தால் 4,348. 3,700 ஐ 0.80 ஆல் பிரித்தால் 4,625. புசலுக்கு 300 மலிவு என்று நினைத்தது 277 கூடுதல். அறுவடை செய்து அதிக நாள் ஆகாத விதை உறக்கத்தில் இருந்தும் குறைவாக முளைக்கும் என்பதால், சில கிழமை கழித்து இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தார். எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை.

விதையில் சேர்ந்து வாங்குவது பலன் தராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லாருக்கும் ஒரே இனம் தேவையில்லை. மேட்டுக் காணிக்காரருக்கு ஒன்று, தண்ணி நிற்கும் கண்டத்துக்கு ஒன்று, சிலருக்கு Bg 94-1 தான் வேண்டும், சிலருக்குச் சிவப்பு நெல் At 362. பாதிப் பேர் சொந்த விதை வைத்திருப்பவர்கள். 60 புசலை மூன்று இனமாகப் பிரித்தால் எந்த இனத்திலும் மொத்த விலை பேசும் அளவு இல்லை. விதைக்குக் குழு செய்யக்கூடிய நல்ல காரியம் அந்த அம்மா செய்த முளைப் பரிசோதனைதான். வாங்குவதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கைக் கெடுக்கும் இரண்டு விடயம் மிச்சம். முதலாவது அரசாங்க மானியம். 2024 பெரும்போகத்தில் நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, ஆகக் கூடியது 2 ஹெக்டேயருக்கு என்று கமக்காரரின் வங்கிக் கணக்குக்கு வருவதாக இருந்தது. கடையில் வாங்கினாலும் வரும், குழுவில் வாங்கினாலும் வரும். எங்கள் முதல் அறிக்கையின் வரைவில் ஒருவர் அதைக் குழுவின் பக்கம் மட்டும் கழித்திருந்தார். மிச்சம் வானத்துக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் போடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் விடுங்கள்.

இரண்டாவது, கடை விலையை எந்த நாளில் எடுப்பது என்பது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் விலை எப்படி ஓடியது என்று நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்படி ஒரு போகத்தில் முன்கூட்டி வாங்கிய குழு பின்னால் ஏறிய கடை விலையோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சம் தெரியும். அது சேர்ந்து வாங்கியதால் வந்தது இல்லை, முந்தி வாங்கியதால் வந்தது. தனியாக முந்தி வாங்கியவருக்கும் அது கிடைத்திருக்கும். விலை இறங்கும் போகத்தில் அதே குழு நட்டப்பட்டதாகத் தெரியும். அதனால் நாங்கள் வியாபாரிக்குக் காசு கட்டும் கிழமையிலேயே மூன்று ஊர்க்கடையில் போய், உறுப்பினர் உண்மையில் கொடுக்கும் விலையைக் கேட்டு எழுதுகிறோம். மூடையில் அச்சடித்த விலையைப் பார்ப்பதில்லை. அந்த மூன்றில் நடு விலைதான் ஒப்பீட்டுக்கு. உறுப்பினர் பசளை போடும் நாளில் இருக்கும் கடை விலையையும் தனி நிரலில் எழுதுகிறோம், ஏறினால் ஏறியது என்று தெரிந்துகொள்ள. இரண்டையும் கலப்பதில்லை.

மூடையை நிறுத்துப் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது. லொறியில் இருந்து கண்ட இடத்தில் பத்து மூடையை இறக்கித் தராசில் வைத்தோம். ஒன்பது சரியாக இருந்தது. ஒன்று 48 கிலோ. வியாபாரி மாற்றித் தந்தார். கடை மூடையும் அப்படித்தான் இருக்கிறதா என்று நிறுத்துப் பார்க்காமல் குழுவின் மூடையை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை, அதையும் செய்தோம், சரியாகவே இருந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகு இந்தப் பெரும்போகத்துக்கு நாங்கள் எடுத்த முடிவு: பசளையைச் சேர்ந்தே வாங்குவது, விதையை வாங்காமல் விடுவது. ஏக்கருக்கு 400, 600 என்பது சிறிய காசு. ஆனால் கூட்டக்கூடிய காசு. யூரியாவை இரண்டு தடவையாக எடுத்தால் வட்டி குறையுமே என்று பார்த்தோம். அரை மாத வட்டி ஏக்கருக்கு 215 குறையும், இரண்டாம் லொறி 16,000 ரூபா ஏக்கருக்கு 267 கூட்டும். அதனால் ஒரே லொறிதான். அதே 215 ஐ வேறு வழியில் பிடிக்கலாம்: எல்லாரும் ஒரே மூன்று நாளுக்குள் காசு கட்டுவது, நான்காம் நாள் வியாபாரிக்குப் போவது, பிந்தியவரின் மூடை அந்த லொறியில் இல்லை. காசு பெட்டிக்குள் கிடந்த இரண்டு கிழமையின் வட்டி அது. லொறியை இறக்க இரண்டு பேர் போதும், அவர்களுக்குக் கூலி செலவில் போடப்படும். மற்றவர்கள் பின்னேரம் வேலை முடிந்து வந்து எடுப்பார்கள். களஞ்சியத்தில் மரச்சட்டம் அடித்தாயிற்று. பள்ளக் காணி உள்ள நான்கு பேர் கடைக் கடனிலேயே நிற்கிறோம் என்றார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. அவர்களுடைய 6 ஏக்கரைக் கழித்தாலும் லொறி ஏறக்குறைய நிரம்புகிறது.

கூட்டத்தில் மொத்தத் தொகையை வாசிப்பதை நிறுத்திவிட்டோம். ஆளுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறோம்: எடுத்த மூடை, அந்தக் கிழமையின் கடைக் காசு விலை, குழுவின் வந்து சேர்ந்த விலை, அவர் காசு எங்கிருந்து வந்தது, அதற்கு வட்டி, நின்றது எவ்வளவு. அண்ணனுடைய துண்டில் நாலரை மூடைக்கு இம்முறை நிற்கும் என்று எழுதியிருப்பது 950 ரூபா. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லொறி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.